முதல் வெப்சைட், வாரம் 6 மணி நேரம், கெடு தீபாவளி: கணக்கு சரியா?

மீனா_காரைக்குடி · 5 ஜூலை 2025, இரவு 10:12

எல்லோருக்கும் வணக்கம். நான் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். போன வருஷம் ஆன்லைனில் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் ஒரு மாதம் படித்தேன். பயிற்சிக்கு ஒரு பக்கம் செய்ததோடு சரி, இதுவரை எதையும் இணையத்தில் ஏற்றியதில்லை.

பெரியம்மா வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கிறார். தேன்குழல், சீப்புச் சீடை, கைமுறுக்கு, மனகோலம், மாவுருண்டை, அதிரசம் என்று மொத்தம் 14 வகை. அவருக்கு ஒரு வெப்சைட் செய்து தரலாம் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். முகப்பு, பலகாரங்கள், எங்களைப் பற்றி, ஆர்டர், தொடர்பு என்று 5 பக்கம். ஒரு பக்கத்துக்கு 2 மணி நேரம் வைத்தால் 10 மணி நேரம். செவ்வாய், வியாழன் இரவு ஒன்றரை மணி நேரம், ஞாயிறு 3 மணி நேரம் என வாரத்துக்கு 6 மணி நேரம் கிடைக்கும். அப்படிப் பார்த்தால் இரண்டு வாரத்தில் முடிந்துவிட வேண்டும்.

தீபாவளி ஆர்டர் செப்டம்பர் கடைசியில் வரத் தொடங்கும். என் கையில் 12 வாரம் இருக்கிறது. தாராளமாகத்தான் தெரிகிறது. ஆனால் எங்கள் ஆபீஸில் யார் "இரண்டு வாரம்" என்று சொன்னாலும் எனக்குச் சிரிப்பு வரும், அதனால் என் மேலேயே சந்தேகம். இந்தக் கணக்கில் எங்கே ஓட்டை?

---

ஜெட்வேகம் · 5 ஜூலை, இரவு 10:31

12 வாரமா? வேர்ட்பிரஸ் போட்டு ஒரு தீம் வாங்கினால் சனி, ஞாயிறில் முடிந்துவிடும். நான் மூன்று சைட் அப்படித்தான் செய்தேன். கையால் கோடு எழுதிக் கஷ்டப்படுவானேன்?

---

ஃப்ரீலான்ஸ்_ரவி · 5 ஜூலை, இரவு 11:05

5 பக்க சைட்டுக்கு நான் 8,000 வாங்குவேன், ஆர்டர் ஃபார்ம் வேண்டும் என்றால் தனி. சொந்தக்காரர் என்பதால் 5,000 சொல்லுங்கள், பாதியை முன்பணமாக வாங்கிவிடுங்கள்.

---

மீனா_காரைக்குடி · 5 ஜூலை, இரவு 11:09

ரவி சார், காசு கணக்கு இல்லை, நாள் கணக்கு கேட்டேன். பெரியம்மாவிடம் முன்பணம் கேட்டால் ஒரு டப்பா முறுக்குதான் கிடைக்கும் :)

---

பழையகோடர் · 6 ஜூலை, காலை 7:20

மீனா, ஓட்டை ஒன்றல்ல, மூன்று இருக்கிறது. முதலாவது பெரியது.

நீங்கள் பக்கத்தை எண்ணிக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். வெப்சைட் வேலை பக்கமாகப் பிரியாது. முதல் பக்கத்தின் தலைப்பகுதி, நிறம், எழுத்து, போனில் அது மடங்கும் விதம் எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய வேலை. அது முடிந்தால் தொடர்பு பக்கம் ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். அதேசமயம் படம் எடுப்பது, 14 பலகாரத்துக்கும் இரண்டு வரி எழுதுவது, டொமைன் என்ற சொந்த இணைய முகவரியை இணைப்பது, நாலு பேர் போனில் திறந்து பார்ப்பது எல்லாம் எந்தப் பக்கத்திலும் சேராதவை. அதனால் உங்கள் 10 மணி நேரத்துக்குள் அவை இல்லவே இல்லை.

நான் செய்வது இப்படி. வேலையை 8 துண்டாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று எண் எழுதுவேன். எல்லாம் நல்லபடி போனால் எத்தனை மணி, வழக்கமாக எத்தனை, சனியன் பிடித்தால் எத்தனை. நடு எண்ணை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும். அமெரிக்கக் கடற்படை 1950களின் இறுதியில் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்குப் போட்ட கணக்கு இது. முறுக்குக் கடைக்கும் பொருந்தும்.

உங்கள் முகப்புப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். நல்லபடி போனால் 4 மணி, வழக்கமாக 8, மோசமாகப் போனால் 20. கணக்குப் போட்டால் 9 மணிக்குக் கொஞ்சம் மேல். பலகாரப் பட்டியலுக்கு 3, 5, 10 என்று வைத்தால் ஐந்தரை வரும். படங்களுக்கு 2, 4, 9 வைத்தால் நாலரை. எழுதுவதற்கு ஐந்தரை. காலிப் பக்கம் ஒன்றை முதல்முறை இணையத்தில் ஏற்றுவதற்கு இரண்டரை. மற்ற பக்கங்கள், டொமைன், சோதனை எல்லாம் சேர்த்து எனக்கு 37 மணி நேரம் வந்தது.

இரண்டாவது ஓட்டை உங்கள் 6 மணி நேரத்தில். இரவு ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் போன தடவை எங்கே விட்டோம் என்று பிடிக்கவே 20 நிமிஷம் ஆகும். வாரத்தில் மூன்று முறை உட்காருகிறீர்கள், அதிலேயே ஒரு மணி நேரம் போச்சு. நடுவில் ஒரு வியாழன் விருந்தாளி வருவார். வாரத்துக்கு நாலரை மணி என்று வையுங்கள்.

மூன்றாவது, உங்கள் ஆபீஸ். அதை நீங்களே சொல்லுங்கள்.

---

மீனா_காரைக்குடி · 6 ஜூலை, காலை 9:48

சார், ஆபீஸ் நாள்காட்டியை எடுத்துப் பார்த்தேன், வயிறு கலங்குகிறது. மாதாமாதம் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கலுக்குக் கெடு, 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதி 3பி. அந்த 20க்கு முந்தைய நாட்களில் வீட்டுக்கு வரவே ராத்திரி ஆகிவிடும். இதோடு வருமான வரிக் கணக்குக்கு இந்த முறை செப்டம்பர் 15 வரை நீட்டித்திருக்கிறார்கள். எல்லோரும் கடைசி இரண்டு வாரத்தில்தான் பையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

ஜூலை 14 வாரம், ஆகஸ்ட் 18 வாரம், செப்டம்பர் 1, 8 வாரங்கள் என நான்கும் அடித்துவிட்டேன். 12 போய் 8 ஆனது. எட்டை நாலரையால் பெருக்கினால் 36. வேலை 37. இரண்டு வாரம் என்று நினைத்தது 12 வாரத்துக்குள்ளேயே அடங்கவில்லையே!

---

ஜெட்வேகம் · 6 ஜூலை, காலை 10:02

அதனால்தான் சொல்கிறேன், வேர்ட்பிரஸ். அல்லது கிட்ஹப் பேஜஸில் இலவசமாகப் போடுங்கள், ஹோஸ்டிங் வேலையாவது மிச்சம்.

---

பழையகோடர் · 6 ஜூலை, காலை 10:40

தம்பி, தீம் பொருத்துவது இரண்டு நாள் வேலை என்பது உண்மை. நான் மறுக்கவில்லை. ஆனால் 37இல் அது எத்தனை மணியைக் குறைக்கும்? முகப்பிலும் பட்டியலிலும் ஒரு எட்டு, பத்து. படமும் எழுத்தும் சோதனையும் அப்படியேதான் நிற்கும். அப்புறம் பிளகின் அப்டேட் என்று மாதாமாதம் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும். நீங்கள் செய்த மூன்று சைட்டிலும் படமும் எழுத்தும் யார் தந்தார்கள்?

கிட்ஹப் பேஜஸ் பற்றியும் ஒரு வார்த்தை. பொருள் விற்பதே முதன்மை நோக்கமான தளங்களை நடத்த அதை இலவச ஹோஸ்டிங்காகப் பயன்படுத்தக் கூடாது என்று அவர்கள் விதிமுறையிலேயே இருக்கிறது. மீனா, கிளவுட்ஃபிளேர் பேஜஸ் பாருங்கள். ஃபோல்டரை அப்படியே இழுத்துப் போட்டால் போதும், `pages.dev` என்று முடியும் ஒரு முகவரி கிடைக்கும்.

---

ஜெட்வேகம் · 6 ஜூலை, காலை 10:55

படம் எல்லாம் கஸ்டமர் தந்தது. சரி, அந்த நேரத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனாலும் வேர்ட்பிரஸ்தான் வேகம், இதில் நான் மாற மாட்டேன்.

---

சென்னிமலை_தறி · 6 ஜூலை, பகல் 1:15

தங்கச்சி, எங்கள் கதையைக் கேளுங்கள். எங்கள் பெட்ஷீட் வியாபாரத்துக்குத் தம்பி ஒரு சைட் செய்தான். ஒரு மாதம் என்றான், 9 மாதம் ஆனது. அதில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தது எல்லாம் சேர்த்து இரண்டு மாதம்தான் இருக்கும். மீதி ஏழு மாதமும் காத்திருந்ததுதான். லோகோ வரைந்து தருகிறேன் என்ற நண்பர் கல்யாணம் பண்ணிக்கொண்டு போய்விட்டார். படம் எடுக்கலாம் என்றால் நல்ல டிசைன் எல்லாம் அப்போதுதான் லோடு ஏறிப் போயிருந்தது.

இன்னொன்று. அவனும் வாராவாரம் ஒரு இலக்கு எழுதி மானிட்டரில் ஒட்டி வைத்திருந்தான். "இந்த வாரம் சிஎஸ்எஸ் கிரிட் கற்றல்", "அடுத்த வாரம் ஜாவாஸ்கிரிப்ட்" இப்படி. எல்லாவற்றுக்கும் டிக் போட்டான். டிக் போட்டுப் போட்டு நாலு மாதம் ஓடியும் எங்கள் அப்பா பார்க்க ஒரு பக்கம்கூட இல்லை.

---

பழையகோடர் · 6 ஜூலை, மாலை 6:30

சென்னிமலைக்காரர் சொன்னதில் இரண்டு பெரிய விஷயம் இருக்கிறது.

ஒன்று, உழைக்கும் நேரமும் காத்திருக்கும் நேரமும் வேறு வேறு. டொமைன் இணைப்பது அரை மணி வேலை. ஆனால் டொமைன் எங்கே போக வேண்டும் என்று வழிகாட்டும் நேம்சர்வரை மாற்றினால் அது எல்லா இடத்திலும் தெரிய ஒரு நாள் ஆகலாம். டாட் காம் வாங்கினால் ஒரு மின்னஞ்சல் வரும். அதில் உள்ள இணைப்பை 15 நாளுக்குள் அமுக்காவிட்டால் டொமைனை நிறுத்தி வைப்பார்கள். அது ஸ்பாமில் கிடக்கும், யாரும் பார்க்க மாட்டார்கள். இப்படிக் காத்திருப்பு உள்ள வேலைகளை உங்கள் ஆபீஸ் நெருக்கடி வாரத்துக்கு முந்தின நாள் தொடங்கி விடுங்கள். நீங்கள் ஜிஎஸ்டி பார்க்கும்போது அது தன்பாட்டுக்கு ஆகிக்கொண்டிருக்கும்.

மீனா, இதில் உங்களுக்கு ஒரு கேள்வி. அதிரசம் எப்போது சுடுவார்கள்?

இரண்டாவது, வார இலக்கு. "கற்றல்" என்று தொடங்கும் எதையும் இலக்காக எழுதாதீர்கள். ஞாயிறு இரவு பெரியம்மா அவர் போனில் திறந்து பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த வாரம் பூஜ்யம், முக்கால் முடிந்தது என்ற பேச்சே இல்லை. முதல் வார இலக்கு இவ்வளவுதான்:

```html
<!DOCTYPE html>
<html lang="ta">
<head>
  <meta charset="utf-8">
  <meta name="viewport"
    content="width=device-width, initial-scale=1">
  <title>பலகாரம்</title>
</head>
<body>
  <h1>பெரியம்மா பலகாரம்</h1>
</body>
</html>
```

இதை இணையத்தில் ஏற்றி, பெரியம்மா போனில் தெரிய வேண்டும். அழகு வேண்டாம். எல்லோரும் ஏற்றுவதைக் கடைசி வாரத்துக்கு வைப்பார்கள். கடைசி வாரத்தில்தான் எதிர்பாராதது எல்லாம் முளைக்கும், அப்போது சரிசெய்ய வாரம் இருக்காது. இரண்டாம் வேலை வாரத்தில் ஒரே ஒரு பலகாரம், அதன் படம், விலை, வாட்ஸ்அப் பொத்தான். அதற்குப் பிறகு என்ன என்று இப்போதே எழுத வேண்டாம். இரண்டு வாரத்தில் எத்தனை மணி ஆனது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு வாருங்கள், பேசுவோம்.

---

மீனா_காரைக்குடி · 6 ஜூலை, இரவு 8:05

ஐயோ, அதிரசம் தீபாவளிக்குத்தான் சுடுவார். செப்டம்பரில் படம் எடுக்க ஒன்றுகூட இருக்காது. சீப்புச் சீடையும் மற்ற சீடை வகையும் கோகுலாஷ்டமிக்கு, அதாவது ஆகஸ்ட் 16ஐ ஒட்டி நிறையச் செய்வார். இப்போது அடுப்பில் இருப்பது தேன்குழலும் கைமுறுக்கும் மட்டும்.

இந்தக் கோணம் எனக்குத் தோன்றவே இல்லை.

---

ஃப்ரீலான்ஸ்_ரவி · 6 ஜூலை, இரவு 9:30

முதலில் கேள்வியைத் தப்பாகப் படித்துவிட்டேன், மன்னிக்கவும். நாள் கணக்கு என்றால் என் வழக்கம் ஒன்று சொல்கிறேன். படமும் எழுத்தும் என் மெயிலுக்கு வந்து சேரும் தேதியிலிருந்துதான் நாளை எண்ணுவேன். அதற்கு முன்னால் தேதி சொல்ல மாட்டேன். பெரியம்மாவும் உங்களுக்கு கஸ்டமர்தான்.

---

மீனா_காரைக்குடி · 27 ஜூலை, இரவு 9:40

இரண்டு வேலை வாரம் முடிந்தது. தாளில் குறித்ததைச் சொல்கிறேன்.

காலிப் பக்கம் ஏற்றுவதற்கு இரண்டரை மணி என்று போட்டோம். 4 ஆனது. ஃபைலுக்கு `home.html` என்று பெயர் வைத்திருந்தேன், முகவரியைத் திறந்தால் பக்கம் இல்லை என்றே வந்தது. ஒன்றரை மணி நேரம் கிளவுட்ஃபிளேரைத் திட்டிவிட்டுத்தான் முதல் பக்கத்தின் பெயர் `index.html` என்று இருக்க வேண்டும் என்பது தெரிந்தது.

தேன்குழல் ஒன்றை மட்டும் போட 3 மணி வைத்தேன். ஐந்தரை ஆனது. என் போனில் எடுத்த படம் கிட்டத்தட்ட 5 எம்பி, பெரியம்மா போனில் மெதுவாக மேலிருந்து கீழே இறங்கியது. 1200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்தேன், 180 கேபி ஆனது, கண்ணுக்கு வித்தியாசமே தெரியவில்லை. அப்புறம் "வாட்ஸ்அப்பில் ஆர்டர் செய்யுங்கள்" என்ற நீளமான வார்த்தை பொத்தானைத் தாண்டி வெளியே போனது. ஆங்கிலத்தில் பழகிய பொத்தான் தமிழுக்குப் பத்தவில்லை.

ஆனால் இரண்டு ஞாயிறும் பெரியம்மா போனில் திறந்து காட்டிவிட்டேன். "தேன்குழல் மட்டும்தான் விக்கிறேனா?" என்று கேட்டார்.

ஆக, ஐந்தரை என்று போட்டது ஒன்பதரை ஆனது. 1.7 மடங்கு. மீதம் 31.5 மணியை இதே மடங்கால் பெருக்கினால் 54. கையில் இருப்பது 6 வேலை வாரம், 27 மணி. விட்டுவிடலாமா என்று இருக்கிறது.

---

ஜெட்வேகம் · 27 ஜூலை, இரவு 9:52

முதல் இரண்டு வாரம் எல்லோருக்கும் அப்படித்தான். பழகப் பழக வேகம் வந்துவிடும், `index.html` தப்பை மறுபடி செய்ய மாட்டீர்கள். 1.7ஐ எல்லாவற்றுக்கும் பெருக்குவது தப்பு.

---

பழையகோடர் · 27 ஜூலை, இரவு 10:25

பாதி சரி. கோடு எழுதும் வேலையில் மடங்கு குறையும். படம் எடுப்பதும் எழுதுவதும் நீங்கள் இன்னும் தொடாதவை. அவற்றுக்கும் ஒரு `home.html` எங்கேயோ காத்திருக்கும். குறையும் என்று நம்பிக்கையில் விட எனக்கு மனமில்லை.

1994இல் கனடாவில் சில உளவியல் ஆய்வாளர்கள் தங்கள் மாணவர்களிடம் ஆய்வேடு எப்போது முடியும் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள், ஆனது 55க்குக் கொஞ்சம் மேல். எனக்கு இதில் பிடித்தது வேறொன்று. எல்லாமே கெட்டால் எத்தனை நாள் என்றும் கேட்டிருக்கிறார்கள். அதற்கும் 49க்குப் பக்கத்தில்தான் சொன்னார்கள். மோசமானதை நினைத்துச் சொன்ன எண்ணும் போதவில்லை. நான் உங்களுக்குச் சொன்ன மூன்று எண் முறைக்கும் அதே நோய் உண்டு, நீங்கள் எழுதும் மூன்றாவது எண் எப்போதும் கூச்சப்பட்டே நிற்கும். அதனால்தான் கையால் அளந்த 1.7ஐ நான் ஊகத்தைவிட அதிகம் நம்புகிறேன்.

நேரத்தைக் கூட்ட முடியாது, கெடுவைத் தள்ள முடியாது. மிச்சம் இருப்பது வேலையின் அளவு. 5 பக்கம் யார் கேட்டது?

---

மீனா_காரைக்குடி · 27 ஜூலை, இரவு 10:41

நானேதான். பெரியம்மா கேட்டது "ஆர்டர் வந்தா போதும்".

---

பழையகோடர் · 27 ஜூலை, இரவு 11:02

அப்படியானால் ஒரே நீளமான பக்கம். மேலே பெயரும் ஒரு நல்ல படமும். கீழே 6 பலகாரம், ஒவ்வொன்றுக்கும் விலை, வாட்ஸ்அப் பொத்தான். அடியில் ஊர், எந்த நாளில் அனுப்புவார்கள் என்று இரண்டு வரி. "எங்களைப் பற்றி" என்று தனிப் பக்கம் வேண்டாம். மற்ற 8 பலகாரம் வெறும் பெயர்ப் பட்டியலாக இருக்கட்டும். பழைய எண்களில் இதைக் கூட்டினால் எனக்கு 15 மணி வருகிறது. 1.7ஆல் பெருக்கினால் இருபத்தைந்தரை. 27க்குள் அடங்குகிறது.

வாரங்களையும் பிரித்துப் பார்த்தேன். இந்த வாரமும் அடுத்த வாரமும் அந்த நீளப் பக்கத்தை, தேன்குழலும் கைமுறுக்கும் மட்டும் வைத்து, போனில் ஒழுங்காக நிற்கச் செய்யுங்கள். ஆகஸ்ட் 11 வாரம் கோடே வேண்டாம், சீடை அடுப்பில் இருக்கும்போது படம் மட்டும். 17ஆம் தேதி ஞாயிறு டொமைன் நேம்சர்வரை மாற்றிவிட்டு ஆபீஸ் நெருக்கடிக்குள் போங்கள். 25 வாரத்தில் ஆறு பலகாரமும் பக்கத்தில் ஏற வேண்டும். செப்டம்பர் 15 வாரம் மற்றவர்கள் போனில் திறந்து பார்க்க. 22 வாரத்தில் எதுவும் எழுதாதீர்கள். அது முன்னால் வழிந்ததைப் பிடிக்கும் வாளி.

---

சென்னிமலை_தறி · 28 ஜூலை, காலை 6:50

ஒரு சந்தேகம் சார். காலி வாரம் இருக்கிறது என்று தெரிந்தாலே வேலை அதுவரைக்கும் இழுத்துக்கொள்ளாதா? என் தம்பி அப்படித்தான்.

---

பழையகோடர் · 28 ஜூலை, காலை 8:15

இழுத்துக்கொள்ளும், மறுக்கவில்லை. காலி வாரம் இல்லாவிட்டால் இதைவிடக் கெடும் என்பது என் அனுபவம். உங்கள் தம்பிக்கு எது பொருந்தியிருக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

---

மீனா_காரைக்குடி · 17 ஆகஸ்ட், இரவு 8:20

நீளப் பக்கம் போனில் நிற்கிறது. இரண்டு வாரத்துக்கு 9 மணி வைத்திருந்தேன், 10 ஆனது. ஜெட்வேகம் அண்ணா சொன்னபடி வேகம் கொஞ்சம் வந்திருக்கிறது.

படங்கள் எடுத்தாயிற்று. சமையலறை டியூப் லைட்டில் எல்லாம் பச்சையாக விழுந்தன. காலை எட்டு மணிக்கு முற்றத்தில் தாம்பாளத்தை வைத்து எடுத்தது நன்றாக வந்தது. அதிரசத்துக்கு மட்டும் படம் இல்லை. நேம்சர்வர் இன்று மாற்றிவிட்டேன், மின்னஞ்சல் ஸ்பாமில்தான் இருந்தது.

புதுத் தொல்லை எழுத்தில். பெரியம்மா பழைய விலைப்பட்டியலை அச்சகத்தில் அடித்திருக்கிறார், அவர்கள் அந்த ஃபைலைத் தந்தார்கள். அதிலிருந்து காப்பி செய்து ஒட்டினால் தமிழே இல்லை, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை மாதிரி விழுகிறது. என் ஃபைலில் `utf-8` இருக்கிறதே, வேறு என்ன தப்பு?

---

நிலா_யாழ் · 17 ஆகஸ்ட், இரவு 9:05

உங்கள் கோட்டில் தப்பில்லை. அது யூனிகோட் வருவதற்கு முந்திய எழுத்துரு. இங்கே யாழ்ப்பாணத்தில் பழைய ஃபைல் என்றாலே பாமினி. உங்கள் பக்கத்து அச்சகங்களில் வேறு வேறு எழுத்துருக்கள் இருக்கும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துதான், எழுத்துரு அதைத் தமிழாக வரைந்து காட்டுகிறது. எழுத்துருவின் பெயரை அச்சகத்தில் கேளுங்கள். பெயர் தெரிந்தால் யூனிகோடுக்கு மாற்றித் தரும் பக்கங்கள் இணையத்தில் கிடக்கின்றன. மாற்றிய பிறகு கண்ணால் ஒருமுறை வாசியுங்கள், கொம்பும் காலும் சில இடங்களில் இடம் மாறிக் கிடக்கும்.

உங்களுக்கு 6 பலகாரம்தானே? நான் உங்கள் இடத்தில் இருந்தால் மாற்றிக்கொண்டிருக்க மாட்டேன். பார்த்துத் தட்டச்சு செய்தால் அரை மணி. நான் ஒருமுறை மாற்றியைத் தேடியே ஒரு இரவைத் தொலைத்தேன்.

---

மீனா_காரைக்குடி · 17 ஆகஸ்ட், இரவு 9:50

தட்டச்சு செய்துவிட்டேன் அக்கா. 35 நிமிஷம்.

---

மீனா_காரைக்குடி · 21 செப்டம்பர், இரவு 10:15

ஆபீஸ் முடிந்தது, உயிர் இருக்கிறது. வருமான வரியைக் கடைசி நேரத்தில் இன்னும் ஒரு நாள் நீட்டித்து அந்தச் செவ்வாயையும் சாப்பிட்டுவிட்டார்கள்.

சோதனை வாரம். அக்கா, மாமா, எதிர் வீட்டுப் பையன் என மூன்று பேர் போனில் திறக்கச் சொன்னேன். மூன்றிலும் கைமுறுக்கு படம் வரவில்லை. என் லேப்டாப்பில் ஜம்மென்று தெரிகிறது. கேச் என்று நினைத்து ஒரு மணி நேரம் அழித்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் பார்த்தால் ஃபைலின் பெயர் `Murukku.JPG`, நான் பக்கத்தில் எழுதியது `murukku.jpg`. விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கிறது, சர்வர் பார்க்கவில்லை.

மாமா இன்னொன்று கண்டுபிடித்தார். பொத்தானை அமுக்கினால் வாட்ஸ்அப் "எண் தவறு" என்கிறது. `https://wa.me/` க்குப் பிறகு 0 போட்டு எண்ணை எழுதியிருக்கிறேன். `91` போட்டுத் தொடர்ந்து 10 இலக்கம், நடுவில் கூட்டல் குறியோ இடைவெளியோ கூடாது என்று இப்போது தெரிகிறது. ஜூலையிலிருந்து அந்தப் பொத்தான் அங்கேதான் இருக்கிறது, பெரியம்மாவும் நானும் பார்த்தோமே தவிர ஒருமுறையும் அமுக்கவில்லை.

---

பழையகோடர் · 22 செப்டம்பர், காலை 7:05

அது என் தப்பும்தான். "திறந்து பார்க்க வேண்டும்" என்று எழுதினேன். "அமுக்கி, உங்கள் போனுக்கு ஒரு ஆர்டர் வந்து சேர வேண்டும்" என்று எழுதியிருக்க வேண்டும். இரண்டாம் வாரமே பிடிபட்டிருக்கும்.

---

மீனா_காரைக்குடி · 28 செப்டம்பர், இரவு 9:30

வாளி வாரம் முழுக்க நிரம்பிவிட்டது, ஆனால் வழியவில்லை. சொந்த டொமைனில் சைட் நிற்கிறது. தாளில் இருக்கும் மொத்தம் 38 மணி நேரம். வேடிக்கை என்னவென்றால் நாம் முதலில் 5 பக்கத்துக்குப் போட்டது 37, இது ஒரே பக்கம்.

நேற்று ராத்திரி திருச்சியிலிருந்து முதல் ஆர்டர் வந்தது. அதிரசம் 2 கிலோ. படமே இல்லாத பலகாரம்!

இப்போது ஒரு கேள்வி. இந்த வாரம் எண்ணெய் விலை ஏறிவிட்டது என்று பெரியம்மா நான்கு விலையை மாற்றச் சொல்கிறார். ஒவ்வொரு முறையும் நான் லேப்டாப்பைத் திறந்து ஃபோல்டரை இழுத்துப் போட வேண்டும். 38இல் இந்த நேரம் இல்லை. இதை எல்லோரும் எப்படிக் கணக்கில் வைக்கிறீர்கள்?

---

ஜெட்வேகம் · 28 செப்டம்பர், இரவு 9:36

வேர்ட்பிரஸாக இருந்தால் பெரியம்மாவே போனில் மாற்றியிருப்பார். சொன்னேன்.

---

சென்னிமலை_தறி · 29 செப்டம்பர், காலை 6:40

நாங்கள் விலையை எடுத்துவிட்டோம் தங்கச்சி. "விலைக்கு வாட்ஸ்அப்" என்று போட்டிருக்கிறோம். ஆனால் சும்மா விலை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறவர்கள் கூடிவிட்டார்கள், அதற்குப் பதில் சொல்லவே ஒரு ஆள் வேண்டும் போல இருக்கிறது.

---

பழையகோடர் · 29 செப்டம்பர், காலை 7:30

இந்தத் தடவை ஜெட்வேகம் தம்பிக்கு என்னிடம் பதில் இல்லை. தீபாவளி வரைக்கும் ஞாயிறு இரவு ஒருமுறை மட்டும் மாற்றுங்கள், எத்தனை நிமிஷம் ஆகிறது என்று அதே தாளில் குறியுங்கள். 15 நிமிஷத்துக்குள் இருந்தால் இப்படியே விடலாம். அதைத் தாண்டினால் அப்புறம் பேசுவோம், ஒருவேளை அவர் சொன்னதையே செய்ய வேண்டி வரலாம்.